ஜன்னல் வழியே விழும் வெயில் கதிர்: கிம்ப்பில் கிரேடியன்ட்டும் பிளரும் வைத்து

வெயில் கதிர் சேர்த்த படங்களில் பலவற்றைப் பார்த்த உடனே ஒட்டவைத்தது என்று தெரிந்துவிடும். கதிரின் ஓரம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு மங்கலாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் சுமார் அரை பாகை அகலமுள்ள வட்டம். அதனால் ஜன்னலை விட்டு ஒவ்வொரு மீட்டர் தள்ளிப் போகும்போதும் கதிரின் ஓரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக மங்கும். சட்டத்தை ஒட்டிக் கூர்மை, தரைக்குப் பக்கத்தில் மென்மை. இதை இரண்டு லேயரில் கொண்டுவந்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு, 2000 பிக்சல் அகலமுள்ள ஒரு அறைப் படம். இடப்பக்கம் ஜன்னல், தரையில் வெயில் விழுந்த கட்டம். கொஞ்சம் இருட்டான அறையாகப் பாருங்கள். வெள்ளைச் சுவர் மீது கதிர் எடுபடாது, ஏற்கெனவே வெளுத்த இடத்தை இன்னும் வெளுக்க வைக்க முடியாதே.

முதலில் Layer > New Layer போய், Fill with என்ற இடத்தில் Transparency கொடுங்கள். லேயரின் Mode-ஐ Screen ஆக்குங்கள். அடியில் உள்ள படத்தை இது வெளிச்சமாக்கும், ஒருபோதும் இருட்டாக்காது.

அடுத்து கதிரின் திசை. ஜன்னலின் ஒரு மூலையையும், தரை வெளிச்சத்தில் அதே மூலை விழுந்த இடத்தையும் மனதில் ஒரு கோட்டால் இணையுங்கள். கதிர் போகும் வழி அதுதான், ஊகிக்க வேண்டியதில்லை. Free Select கருவியை எடுத்து ஜன்னலின் மூலைகளையும் தரைக் கட்டத்தின் மூலைகளையும் சுற்றிக் கிளிக் செய்து, தொடங்கிய புள்ளியில் மூடி Enter அழுத்துங்கள்.

ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதிர் வரைய ஆசை வரும். வேண்டாம். 12 மில்லிமீட்டர் கம்பியின் முழு நிழல் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டரில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பது வெளிறிய சாயல்தான். ஜன்னல் நடுவில் அகலமான மரச்சட்டம் இருந்தால் மட்டும் இரண்டு கதிராகப் பிரியுங்கள்.

இப்போது நிறம். முன்னிறமாக `ffe9b8` கொடுங்கள். மாலை வெயில் என்றால் இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு. Gradient கருவியில், பெயர் Transparent என்று முடியும் கிரேடியன்ட்டைத் தேர்ந்தெடுத்து, வடிவம் Linear என்று வைத்து, ஜன்னலில் இருந்து தரைப் பக்கம் இழுங்கள். தரையோடு நிறுத்தாமல் வெளிச்சக் கட்டத்தைத் தாண்டியும் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கதிர் பாதியில் மறைந்துபோய், தரை வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வைக்கும். Enter அழுத்தியதும் Select > None கொடுக்க மறக்காதீர்கள். தேர்வு அப்படியே இருந்தால் பிளர் அதற்குள் மட்டும் வேலை செய்யும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோலவே நிற்கும்.

சரி, பிளர். லேயரை Duplicate செய்யுங்கள். Filters > Blur > Gaussian Blur போய் ஒன்றுக்கு 5, இன்னொன்றுக்கு 30 கொடுங்கள். இவை 2000 பிக்சலுக்கான அளவு. படம் இரண்டு மடங்கு பெரிது என்றால் எண்களையும் இரண்டு மடங்காக்குங்கள்.

இரண்டு லேயருக்கும் வெள்ளை மாஸ்க் சேர்க்க வேண்டும்: லேயர் மீது வலது கிளிக், Add Layer Mask, White. D விசையை அழுத்தினால் முன்னிறம் கறுப்பு, பின்னிறம் வெள்ளை ஆகிவிடும். முன்னிறத்திலிருந்து பின்னிறத்துக்குப் போகும் கிரேடியன்ட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கூர்மையான லேயரின் மாஸ்க்கில் தரையிலிருந்து ஜன்னலுக்கு இழுங்கள். மங்கலான லேயரின் மாஸ்க்கில் ஜன்னலிலிருந்து தரைக்கு. ஒன்று மறையும் இடத்தில் மற்றது தலைகாட்டும். அப்புறம் இரண்டின் Opacity-யையும் 35 அளவுக்குக் குறையுங்கள். கதிர்தான் முதலில் கண்ணில் படுகிறது என்றால் இன்னும் குறைக்கலாம்.

கதிருக்கு முன்னால், கேமராவுக்குப் பக்கமாக நாற்காலியோ ஆளோ இருந்தால், இரண்டு மாஸ்க்கிலும் அந்த இடத்தைக் கறுப்பு பிரஷ்ஷால் தீட்டுங்கள். வெளிச்சம் அவர்களுக்குப் பின்னால் போய்விடும்.

கதிரில் படிப்படியாகப் பட்டைகள் தெரிந்தால், Gradient கருவியில் Dithering தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் லேயரில் RGB Noise மிக லேசாகப் போட்டால் பட்டை உடையும், காற்றில் தூசி மிதப்பதுபோலவும் இருக்கும்.

மரங்களுக்கிடையே வரும் கதிருக்கும் இதே முறைதான், வடிவம் மட்டும் வேறு. சூரியன் படத்துக்குள் தெரிந்தால், எல்லாக் கதிர்களும் அந்த ஒரே புள்ளியிலிருந்து விரிவதாக வரையுங்கள். உண்மையில் அவை இணையானவை. தண்டவாளம் தூரத்தில் கூடுவதுபோல நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. இலைகளின் இடைவெளி சீராக இருக்காது என்பதால் ஒன்றை அகலமாக, பக்கத்திலிருப்பதை ஒல்லியாக, இன்னொன்றைப் பாதி Opacity-யில் வையுங்கள். முன்னால் நிற்கும் அடிமரங்களை மாஸ்க்கில் மறைப்பதுதான் இதில் அதிக நேரம் பிடிக்கும் வேலை.