இமிகிரேஷன் வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஊட்டியிலிருந்து பெங்களூருக்குக் கார் அனுப்புகிறவர்களுக்கு

பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். பெங்களூர் விமான நிலையத்திலிருந்து அங்கே வர எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். அதனால் மதிய விமானத்தில் வருகிறவரை மூன்றரைக்குள் காரில் ஏற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில், நம் விமானத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பிருந்து இறங்கிய வெளிநாட்டு விமானங்களை ஃபிளைட்ரேடார் தளத்தில் பாருங்கள். அட்டவணை நேரம் வேண்டாம், உண்மையில் தரை தொட்ட நேரத்தை எடுங்கள். விமான வகையும் அங்கேயே தெரியும். B77W என்றால் சுமார் 350 இருக்கை, B789 என்றால் 250 முதல் 300 வரை.

அடுத்து ஆட்களைக் கணக்கிடுங்கள். உதாரணத்துக்கு, 1:40க்கு 300 பேர், 1:45க்கு 240 பேர், 2:00க்கு நம் தம்பியோடு 300 பேர் இறங்குகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு இந்தியப் பாஸ்போர்ட் என்று வைத்தால், முதல் இரண்டு விமானங்களிலிருந்து அந்த வரிசைக்கு 360 பேர். தம்பி பின்சீட்டில் இருப்பதால் சொந்த விமானத்திலேயே 120 பேர் முந்திவிடுவார்கள். மொத்தம் 480. உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களும் பொதுவாக இங்கேதான் முத்திரை வாங்க வேண்டும், அவர்களைக் கழித்துவிடாதீர்கள்.

இப்போது வேகம். ஓர் ஆளுக்கு 75 விநாடி, பத்து கவுண்டர் என்றால் நிமிடத்துக்கு 8 பேர். தரை தொட்டு, கதவு திறந்து, நடந்து ஹாலுக்கு வர 25 நிமிடம் என்றால், முதல் கூட்டம் 2:05க்கு வரும். பின்சீட்டுத் தம்பி இறங்க இன்னும் ஐந்து நிமிடம் பிடிக்கும், 2:30க்கு வருவார். அந்த 25 நிமிடத்தில் 200 பேர் போயிருப்பார்கள். மீதி 280ஐ 8ஆல் வகுத்தால் 35 நிமிடம். 3:05க்கு முத்திரை, பெட்டியும் சுங்கமும் சேர்த்து 3:20க்கு வெளியே. பந்திப்பூருக்கு 8:50. சரி, பத்து நிமிடம்தான் மிச்சம்.

இதே கணக்கில் ஆறு கவுண்டர்தான் திறந்திருந்தால்? நிமிடத்துக்கு 4.8 பேர். 2:30க்குள் 120 பேர்தான் போயிருப்பார்கள். மீதி 360க்கு 75 நிமிடம். கவுண்டர் பாதிகூடக் குறையவில்லை, காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. முதலில் வந்த கூட்டமும் கரையாமல் நின்றுவிடுவதால்தான் இப்படி. கூட்டம் வரும் முன்பு கவுண்டர் சும்மா இருந்த நிமிடங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள், யாரும் இல்லாதபோது யாரையும் அனுப்ப முடியாது.

கவுண்டர் எண்ணிக்கை வீட்டிலிருந்து தெரியாது. அதனால் ஹாலுக்கு வந்ததும் தம்பியை மூன்று நிமிடம் வரிசையின் முன்முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். 24 பேர் போனால் நம் கணக்கு சரி. 14, 15 பேர்தான் என்றால், அப்போதே டிரைவருக்குச் சொல்லிவிடுங்கள்: பந்திப்பூர் வேண்டாம், சேலம், கோவை, மேட்டுப்பாளையம் வழியாக வாருங்கள்.