5-ல் தொடங்கினால் முகவரி செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள்

போன வாரம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆபீஸுக்கு மெயில் சர்வர் வேலையாகப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பவுன்ஸ் ஆகித் திரும்பி வந்த மெயில்களையெல்லாம் எக்செலில் போட்டு, பிழை எண் 5-ல் தொடங்கும் வரிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனார். "550-ன்னா பர்மனென்ட் தானே அண்ணா, இனிமே அந்த அட்ரஸ் எதுக்கு?" என்று கேட்டார். அழிக்க விடாமல் தடுத்துவிட்டேன். இதே வேலையை ஒரு காலத்தில் நானும் செய்திருக்கிறேன். அதில் ஒரு வியாபாரிக்கு நவராத்திரி சீசனே போனது.

முகவரியில் எழுத்துப்பிழை போன்ற சின்ன விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் தானே கண்டுபிடித்துவிடுவார்கள்.

## எல்லா 5-ஐயும் ஒன்றாகப் பார்ப்பது

4 என்றால் தற்காலிகம், 5 என்றால் நிரந்தரம். இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எது நிரந்தரம்? "இந்த மெயிலை இதே நிலையில் திரும்ப அனுப்பினாலும் வாங்க மாட்டேன்" என்பதுதான் 5-க்குப் பொருள். தப்பு யார் பக்கம் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது, 550-க்குப் பக்கத்தில் 5.1.1 என்பது போலப் புள்ளி வைத்து வரும் எண்ணில் இரண்டாவதாக இருப்பது. 5.1.1-ல் நடுவில் இருக்கும் 1 முகவரியைக் குறிக்கிறது, அதாவது அப்படி ஒரு பெட்டியே இல்லை. 5.2.2-ல் பெட்டி இருக்கிறது, நிறைந்துவிட்டது. 5.7.1, 5.7.23, 5.7.26 போன்றவற்றில் வரும் 7 பாதுகாப்பையும் அனுமதியையும் பற்றியது. பெரும்பாலும் அது "உன்னை நம்பவில்லை" என்று அனுப்புகிறவரைப் பார்த்துச் சொல்லும் பதில்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி வியாபாரிக்கு மெயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் இருக்கும் கடைக்காரர்களுக்கு அவர் வாரம் ஒருமுறை விலைப்பட்டியல் அனுப்புவார். விரதத்துக்கு ஜவ்வரிசி கிச்சடி செய்கிற ஊர்கள் என்பதால் நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில்தான் ஆர்டர் குவியும். அந்த நேரத்தில் அவருடைய சர்வரை வேறு இடத்துக்கு மாற்றினேன். அடுத்த பட்டியல் போனதும் ஒரே காலையில் 186 பவுன்ஸ் வந்தது. அவருடைய மென்பொருள் 5-ல் தொடங்கும் எதையும் "இனி அனுப்பாதே" பட்டியலில் தானாகச் சேர்த்துவிடும். நல்லதுதான், லிஸ்ட் சுத்தமாகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் பவுன்ஸ் ஒன்றுகூட வரவில்லை. அதைப் பார்த்து நிம்மதி அடைந்ததுதான் பெரிய தப்பு. அந்த 186 பேருக்கும் மெயில் போகவே இல்லை, பிறகு பவுன்ஸ் எங்கிருந்து வரும்? மூன்றாவது வாரம் வியாபாரி போன் செய்து, "பழைய பார்ட்டி ஒருத்தரும் கூப்பிடலையே தம்பி, ரேட்டு போச்சா இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் பவுன்ஸ்களைத் திறந்து படித்தேன். பெரும்பாலானவற்றில் இப்படி இருந்தது (முகவரிகளை மாற்றியிருக்கிறேன்):

```
Final-Recipient: rfc822; purchase@example.com
Action: failed
Status: 5.7.23
Diagnostic-Code: smtp; 550 5.7.23 SPF validation failed
```

இரண்டாவது எண்ணை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். 186-ல் நிஜமாகவே இல்லாத முகவரி, அதாவது 5.1.1, வெறும் 11. பெட்டி நிறைந்தவை 3. மீதி 172-ம் 5.7 வகை. கடைக்காரர்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. எஸ்.பி.எஃப் என்பது நம் டொமைன் பெயரில் எந்தெந்த ஐபியிலிருந்து மெயில் வரலாம் என்று டிஎன்எஸ்ஸில் நாமே எழுதிவைக்கும் வரி. அதை ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம்:

```
dig +short TXT example.in
"v=spf1 ip4:203.0.113.20 -all"
```

சர்வர் 203.0.113.45-க்குப் போய்விட்டது, வரியில் இன்னும் பழைய ஐபி. கடைசியில் இருக்கும் -all, "இதைத் தவிர வேறு எங்கிருந்து வந்தாலும் வாங்காதே" என்கிறது. நாமே எழுதிவைத்த உத்தரவை எதிர்முனை சர்வர்கள் சரியாக நிறைவேற்றியிருக்கின்றன.

புது ஐபியைச் சேர்க்க இரண்டு நிமிடம்தான் ஆனது. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. வரியைத் திருத்தினாலும் "இனி அனுப்பாதே" பட்டியல் அப்படியே இருக்கும். 172 முகவரிகளையும் கையால் வெளியே எடுத்தோம். டிஎன்எஸ்ஸில் பழைய வரியின் ஆயுள் தீரும் வரை காத்திருந்து, முதலில் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தோம். ஒன்றும் திரும்பவில்லை என்றதும் மற்றவர்களுக்கும் அனுப்பினோம். அதற்குள் பலர் வேறு இடத்தில் சரக்கு எடுத்துவிட்டார்கள். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் இப்போது எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்கிறேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல டொமைன்கள் ஒரே மணி நேரத்தில் 5.7 என்று திருப்பினால் கோளாறு என் பக்கம். ஒரே ஒரு முகவரி மட்டும் 5.7.1 என்றால், அது அந்த நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் எழுதக்கூடிய குழு முகவரியாக இருக்கலாம். அவர்களிடம் போனில் கேட்பதே சுலபம். ஒரே டொமைனின் எல்லா முகவரிகளும் திடீரென்று 5.1.1 சொன்னால் அவர்கள் சர்வரில்தான் ஏதோ உடைந்திருக்கிறது, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறேன். தானாக நீக்கும் வசதியை 5.1.1-க்கு மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் இரண்டு முறை வந்த பிறகு.

## தாமத அறிவிப்பைப் பார்த்துத் திரும்ப அனுப்புவது

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் சொந்த சர்வர் வைத்திருக்கிறார்கள். இடி மழையில் கரண்ட் போனால் சர்வரும் போய்விடும். கீழே சேலத்திலிருந்து அவர்களுக்குக் கணக்கு அனுப்பும் ஒருவருக்கு ஒருநாள் Status: 4.4.1 என்று அறிவிப்பு வந்தது. எதிர்முனை சர்வர் பதில் தரவில்லை என்று பொருள். அவர் பதறிப்போய் அதே கோப்பை நான்கு முறை திரும்ப அனுப்பினார். கரண்ட் வந்ததும் ஐந்தும் போய்ச் சேர்ந்தன, எஸ்டேட்டில் எது கடைசிக் கணக்கு என்று குழப்பம்.

அவர் பார்க்காமல் விட்டது Action: delayed என்ற வரியை. மெயில் இன்னும் வரிசையில்தான் இருக்கிறது, சர்வர் தானே திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் அனுப்பும் தாமத அறிவிப்பில் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை என்று பெரிய எழுத்திலேயே இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக ஐந்து நாள் வரை முயலும். ஆனால் இந்த எச்சரிக்கையைத் தானாக அனுப்பாது, delay_warning_time அமைப்பில் நேரம் கொடுத்திருக்க வேண்டும். நான் 4h என்று வைப்பேன்.

## 4-ல் தொடங்கியும் failed என்று வந்தால்

இது பலரைக் குழப்பும். Status: 4.4.1, ஆனால் Action: failed. ஐந்து நாளும் முயன்று சர்வர் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். இனி அது அனுப்பாது, நீங்கள்தான் அனுப்ப வேண்டும். முகவரி இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அந்த வீட்டுக் கதவை இன்னும் யாரும் திறக்கவே இல்லை.

## 550-ஐ மட்டும் படிப்பது

கூடாது. பக்கத்திலிருக்கும் புள்ளி வைத்த எண்ணையும் அதற்குப் பின் வரும் வாக்கியத்தையும் படியுங்கள். எண்ணும் வாக்கியமும் முரண்பட்டால் நான் வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொள்வேன்.

## நீங்கள் அனுப்பாத மெயிலுக்குப் பவுன்ஸ்

பெரும்பாலும் யாரோ உங்கள் முகவரியைப் போட்டு அனுப்பியது. பவுன்ஸுக்குள் இருக்கும் மூல மெயிலின் Message-ID-ஐ உங்கள் சர்வர் லாகில் தேடுங்கள். இல்லையென்றால் அது உங்கள் சர்வரிலிருந்து போனதில்லை.