இரவு டியூட்டி இடைவேளையில் உடற்பயிற்சி: ஒரு காவலாளி போட்ட திட்டம், படிப்படியாக

எனக்குத் தெரிந்த ஒருவர் பெரிய கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் வேலை பார்க்கிறார். இரவு 10 மணிக்கு ஏறினால் காலை 6 மணிக்கு இறங்குவார். பாதி நேரம் நிற்பது, பாதி நேரம் நாற்காலி, நடுநடுவே மாடிப்படி ஏறி ரவுண்ட்ஸ். விடியும்போது கால் வீங்கி பூட்ஸ் இறுகும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். பகலில் தூங்கி எழவே நேரம் போய்விடுவதால் ஜிம் பக்கம் போக வழியில்லை. பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில் என்பதால் என்னிடம் வந்தார். இருவரும் உட்கார்ந்து போட்ட திட்டத்தை, இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவரும் பின்பற்றும்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எது இடைவேளை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

இந்த வேலையில் இடைவேளை என்றால் உங்கள் இடத்தில் வேறொருவர் வந்து நின்ற பிறகு கிடைக்கும் நேரம் மட்டும்தான். மாற்று ஆள் இல்லாமல் கேட்டில் தனியாக நிற்கும் நேரம், எவ்வளவு அமைதியாக இருந்தாலும், டியூட்டிதான். அப்போது பயிற்சி வேண்டாம். அவர் முதலில் செய்தது, மேற்பார்வையாளரிடம் சொல்லி ஓய்வறையில் செய்ய அனுமதி வாங்கியதுதான். கேமராவில் பார்க்கிறவருக்கும் விஷயம் தெரிந்திருந்தால் வீண் குழப்பம் வராது.

அவருக்கு மூன்று இடைவேளைகள்: 11.45-க்கு 15 நிமிடம், 2 மணிக்குச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், 4.15-க்கு 15 நிமிடம். ஒவ்வொன்றிலும் 6 முதல் 8 நிமிடம்தான் பயிற்சிக்கு. மீதி நேரம் உட்கார, தண்ணீர் குடிக்க, கழிப்பறை போக. இடைவேளை முழுவதையும் பயிற்சியே தின்றுவிட்டால் அதற்குப் பெயர் ஓய்வு இல்லை.

இரண்டாம் படி: எந்த நேரத்தில் எந்தப் பயிற்சி

பலர் தூக்கத்தை விரட்டுவதற்காகக் கடினமான பயிற்சியை விடியற்காலைக்கு வைக்கிறார்கள். அது சரிப்படாது. பெரும்பாலோருக்கு உடல் வெப்பநிலை மிகவும் இறங்குவது அதிகாலை 4, 5 மணி வாக்கில்தான். இரவு வேலைக்குப் பழகியவர்களில் பலருக்கும் இந்த உள்கடிகாரம் முழுதாக மாறுவதில்லை. மூட்டு விறைப்பாக இருக்கும், கவனம் குறைந்திருக்கும், கால் வைக்கும் இடம்கூடச் சற்றுத் தவறும். அதோடு, சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியவர் அவர். தூக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடினமாகச் செய்து உடலைச் சூடேற்றினால் சிலருக்குப் படுத்தாலும் சீக்கிரம் தூக்கம் பிடிக்காது.

அதனால் கால் பயிற்சி 11.45-க்கு, கைப் பயிற்சி 2 மணிக்கு, இலகுவானது 4.15-க்கு என்று பிரித்தோம். 2 மணிப் பயிற்சியைச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்துவிட வேண்டும். வயிறு நிறைந்த பிறகு முன்னால் சாய்ந்து அழுத்தினால் குமட்டும்.

கால், கைப் பயிற்சிகள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வாரத்தில் மூன்று இரவு போதும். மற்ற இரவுகளில் 4.15 பயிற்சி மட்டும்.

மூன்றாம் படி: 11.45, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது

முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். டார்ச்சும் சாவிக்கொத்தும் தொங்கும் பெல்ட், குனியும்போது வயிற்றில் குத்தி முதுகை வளைய வைக்கும். வாக்கி-டாக்கியை மட்டும் அணைக்காமல், சத்தத்தைக் கூட்டி, கைக்கெட்டும் தூரத்தில் மேசைமேல் வையுங்கள். பூட்ஸ் இருக்கட்டும்.

சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், நுனி சற்று வெளிப்பக்கம். இடுப்பைப் பின்னால் தள்ளி, மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். இருக்கையைத் தொட்டதும் எழுந்துவிடுங்கள். முழங்கால் பாத நுனி பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே சாயக் கூடாது. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்; அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

அவருக்கு ஆரம்பத்தில் கடைசி நாலு விரற்கடை தூரத்தில் பிடி விட்டுப்போய்த் தொப்பென்று விழுந்தார். சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்த உயரத்தில் தொடைக்கு இன்னும் பலம் வரவில்லை என்று அர்த்தம். ஒரு தடித்த போர்வையை மடித்து இருக்கையில் போட்டு உயரத்தைக் கூட்டினோம், சத்தம் நின்றது. எண்ணிக்கை ஏறிய பிறகு போர்வையை எடுத்துவிட்டார்.

எட்டு முறை, ஒன்றரை நிமிடம் ஓய்வு, மறுபடி எட்டு முறை. முதல் வாரத்துக்கு இது போதும். இன்னும் செய்ய முடியும் போலத் தோன்றும், ஆனாலும் நிறுத்துங்கள். பழகாத தசைக்கு வலி வருவது உடனே இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்தில் இருக்கும், அதுவும் படி இறங்கும்போது அதிகம் தெரியும். ரவுண்ட்ஸில் மாடி இறங்க வேண்டியவர் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினால் வேலைதான் கெடும்.

நான்காம் படி: 2 மணி, மேசைத் தண்டால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதியவர்கள் கைவிடுவது இங்கேதான். தண்டால் என்றதும் நேராகத் தரையில் இறங்கிவிடுகிறார்கள். தரையில் செய்யும்போது உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதத்தைக் கை தாங்குகிறது. கையை 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் அது 55 சதவீதம், 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் சுமார் 41 சதவீதம். 70 கிலோ எடை உள்ளவர் என்றால் தரையில் கிட்டத்தட்ட 45 கிலோ, 60 சென்டிமீட்டரில் 29 கிலோ. சுவரில் கை வைத்தால் இன்னும் எவ்வளவோ குறைவு. ஆக, கனத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கை வைக்கும் உயரத்தில்தான் இருக்கிறது.

அவர் சுவரில்தான் தொடங்கினார். ஒரு கைநீளம் தள்ளி நின்று, மார்பு உயரத்தில் கை ஊன்றி, தலையிலிருந்து குதிகால் வரை உடலை ஒரே கோடாக வைத்து மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளி வருவது. எட்டு எட்டாக இரண்டு செட். ஒவ்வொரு பயிற்சி இரவிலும் ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டே வந்தார். இரண்டு செட்டிலும் பன்னிரண்டு சுலபமாக வந்ததும் மேசைக்கு மாறினார். மேசையில் முதல் இரவு ஆறுதான் வந்தது, இரண்டாவது செட்டில் ஐந்து. பலம் குறைந்துவிட்டதோ என்று கவலைப்பட்டார். உயரம் குறைந்தால் கனம் கூடும், எண்ணிக்கை விழத்தான் செய்யும். மறுபடி பன்னிரண்டுக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்த உயரம், அவ்வளவுதான்.

மேசையில் இரண்டு சிக்கல்கள் வந்தன. உள்ளங்கையைத் தட்டையாக ஊன்றியதில் மணிக்கட்டு வலித்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டதும் சரியாகிவிட்டது. இன்னொன்று, துடைத்த டைல்ஸ் தரையில் பூட்ஸ் வழுக்கியது. அதற்குப் பிறகு தரை காய்ந்த இடத்திலேயே செய்தார். மேசை நகராமல் இருக்க அதன் மறுபக்கமும் சுவரைத் தொட வேண்டும்.

எங்கே நிறுத்துவது? உடல் வேகம் குறைந்து, அடுத்த ஒன்று இழுபறி ஆகும் என்று தோன்றும்போதே. கையில் இன்னும் இரண்டு மிச்சம் இருக்க வேண்டும். இடுப்பு தொங்க ஆரம்பித்தால் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

தள்ளுவதோடு இழுப்பதும் வேண்டும், இல்லையென்றால் முதுகுப் பக்கத் தசைகளுக்கு வேலையே இருக்காது. ஒரு பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு வைத்தால் நான்கு கிலோ. ஒரு கையை மேசையில் ஊன்றி, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து, மறுகையால் பையை இடுப்புப் பக்கம் இழுங்கள். பக்கத்துக்குப் பத்து. சுலபமாகிவிட்டால் ஒரு பாட்டில் கூட்டுங்கள்.

ஐந்தாம் படி: 4.15, கெண்டைக்கால்

கால் வீக்கத்துக்கு இதுதான் நேரடியான மருந்து. காலிலிருந்து ரத்தம் மேலே ஏற கெண்டைக்கால் தசை பம்ப் போல வேலை செய்கிறது. தசை சுருங்கும்போது ரத்தக்குழாய் அமுங்கி ரத்தம் மேலே தள்ளப்படும், உள்ளே இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடாது. அசையாமல் நிற்கும்போது பம்ப் ஓடுவதில்லை, அதனால்தான் பூட்ஸ் இறுகுகிறது.

பூட்ஸின் மேல் இரண்டு சுற்று கயிற்றைத் தளர்த்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி, ஒரு நொடி நின்று இறக்குங்கள். பதினைந்து முறை, இரண்டு தடவை. பிறகு ஐந்து நிமிடம் நடை. வியர்க்கும் அளவுக்கு எதுவும் வேண்டாம். ஒரே காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் இருந்தால் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: அளவு சரியா என்று வாக்கி-டாக்கியிடம் கேளுங்கள்

செட் முடிந்து ஒரு நிமிடம் ஆனதும், கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும் ஒரு முழு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: "வடக்கு கேட் பூட்டியிருக்கு, வண்டி எதுவும் இல்லை, நான் ரெண்டாவது மாடிக்குப் போறேன்." நடுவில் மூச்சு வாங்கினால் அன்றைய அளவு அதிகம், அடுத்த செட்டை விட்டுவிடுங்கள். அவசர அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரும் வேலை இது. அந்த நேரத்தில் ஓடவும் பேசவும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். எண்ணிக்கையைவிட இந்தச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. "நாற்காலி 8, 8. மேசை 6, 5. பை 10. மணிக்கட்டு சரி." இவ்வளவு எழுதினால் போதும், அடுத்த முறை எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

இடைவேளை கிடைக்காத இரவு

லாரி வந்துவிடும், மாற்று ஆள் வரமாட்டார், இடைவேளை போய்விடும். போனது போனதுதான். 11.45-ல் விட்டதை 2 மணிக்குச் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யாதீர்கள், அடுத்த பயிற்சி இரவில் வழக்கமான அளவையே செய்யுங்கள். இரண்டு வாரம் விடுப்பில் போய்த் திரும்பினால் ஒரு உயரம் பின்வாங்குங்கள்: மேசையில் இருந்தவர் சுவருக்கு, வெறும் நாற்காலியில் இருந்தவர் போர்வை போட்ட நாற்காலிக்கு. பழைய எண்ணிக்கை ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிடும். அவர் ஊருக்குப் போய் வந்தபோது இப்படித்தான் செய்தார். இப்போது மேசையை விட்டுத் தாழ்வான பெஞ்சுக்கு வந்திருக்கிறார்.