செய்திக்குறிப்பை வாலிலிருந்து வெட்டாதீர்கள்

டெஸ்க்குக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், போன வாரம் ஒரு செய்திக்குறிப்பைக் கடைசிப் பத்தியிலிருந்து வெட்ட ஆரம்பித்தார். எனக்குப் பழைய காயம் வலித்தது. எழுத்துப்பிழை, பெயர்க்குழப்பம் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். இது அப்படிச் சரியாகாது.

அடியிலிருந்து வெட்டுவது

நிருபர் எழுதும் செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும். இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியை எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் கெடாது. செய்திக்குறிப்பு அப்படியல்ல. அதை எழுதுபவர் வாசகரை நினைத்து எழுதுவதில்லை, ஒப்புதல் தரும் மேலதிகாரியை நினைத்து எழுதுகிறார். அதனால் விழா மேலே ஏறும், சங்கடம் கீழே இறங்கும்.

நான் சிக்கியது ஒரு நகராட்சிக் குறிப்பில். முதல் பத்தியில் குடிநீர்க் குழாய் இணைப்புப் பணியைத் தலைவர் தொடங்கிவைத்தார். இரண்டாவதில் திட்டமும் வார்டுகளும், மூன்றாவதில் அவருடைய உரை, நான்காவதில் வந்திருந்தோர் பெயர்கள். ஐந்தாவது இது: 'இப்பணியின் காரணமாக மேற்கண்ட பகுதிகளில் நாளையும் நாளை மறுநாளும் குடிநீர் விநியோகம் இருக்காது.'

எனக்கு இருந்த இடம் பத்து வரி. கடைசி இரண்டு பத்திகளை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். விடிந்ததும் போன்மேல் போன், 'குழாயில தண்ணி இல்ல, பேப்பர்லயும் போடல' என்று. நகராட்சியோ, 'நாங்கள் முன்கூட்டியே அறிவித்தோமே' என்றது. அது உண்மை என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

அதிலிருந்து குறிப்பைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன். 'இதன் காரணமாக', 'எனவே', 'இருக்காது', 'நிறுத்தப்படும்' போன்ற சொற்களும், இனி வரப்போகும் தேதிகளும் கண்ணில் பட்டால் அங்கே நின்றுவிடுவேன்.

மேலே தூக்கிவைத்துவிட்டு மறப்பது

ஐந்தாவது பத்தியை அப்படியே முதலில் ஒட்டினால் 'மேற்கண்ட பகுதிகள்' அந்தரத்தில் தொங்கும். வார்டு எண்கள் இரண்டாவது பத்தியில் இருக்கின்றன, அவற்றையும் கூடவே கொண்டுவர வேண்டும். 'நாளை' இன்னும் மோசம். 12ஆம் தேதி வந்த குறிப்பு 13ஆம் தேதி அச்சாகிறது. திருத்தாமல் விட்டால் வாசகர் 14ஆம் தேதிக்குத் தண்ணீர் பிடித்து வைப்பார். நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

'குழாய் இணைப்புப் பணி நடப்பதால் 7, 8, 11ஆவது வார்டுகளில் இன்றும் நாளையும் (13, 14) குடிநீர் வராது என நகராட்சி தெரிவித்துள்ளது. இப்பணியைத் தலைவர் நேற்று தொடங்கிவைத்தார்.'

வந்திருந்தோர் பட்டியல்

எடுத்துவிடுங்கள்.

சந்தேகத்தோடு அச்சுக்கு அனுப்புவது

எத்தனை மணியிலிருந்து, லாரியில் தண்ணீர் வருமா என்பதெல்லாம் பெரும்பாலும் குறிப்பில் இருக்காது. கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அந்தக் கடைசி வரிக்குக் கீழேதான் இருக்கும்.