ஜெர்மன் நேர்காணலில் இரண்டாவது கேள்விதான் சோதிக்கிறது

பிளஸ் டூ முடித்து, பி1 அல்லது பி2 வரை ஜெர்மன் படித்து, அந்நாட்டில் மூன்றாண்டுச் செவிலியர் பயிற்சியில் சேர விரும்பும் பிள்ளைகளைப் பாளையங்கோட்டையில் நேர்காணலுக்குத் தயார்ப்படுத்தி வருகிறேன். நேர்காணல் பெரும்பாலும் காணொளி வழியாகத்தான் நடக்கும். எதிரே பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரும், மருத்துவமனையின் செவிலியர் பிரிவைச் சேர்ந்த ஒருவரும் இருப்பார்கள். இந்தப் பிள்ளைகள் முதல் கேள்வியில் தவறுவதே இல்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் தேர் ஓடுவதைப் போல ஓடுகிறார்கள். அந்தப் பதிலுக்குள்ளிருந்து பிறக்கும் இரண்டாவது கேள்வியில்தான் நின்றுவிடுகிறார்கள்.

அதற்குக் காரணம் மனப்பாடம் மட்டுமல்ல, மனப்பாடம் செய்த பதில் முழுவதும் நிகழ்காலத்தில் இருப்பதும்தான். என் பெயர் இது, எனக்கு இத்தனை வயது, எனக்குச் சமைக்கப் பிடிக்கும், நான் பொறுமைசாலி. துணைக்கேள்வி வேறு இடத்துக்கு இழுத்துச் செல்லும். "அப்போது என்ன செய்தீர்கள்?" என்று இறந்த காலத்துக்குப் போகும். "அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நடக்காத ஒன்றுக்குப் போகும். இந்த இரண்டு வடிவங்களிலும் வாய் பழகவில்லை என்றால், எத்தனை பக்கம் உருப்போட்டாலும் பயன் இல்லை.

முதல் இரண்டு நிமிடம்

நேர்காணல் அறிமுகத்தில் தொடங்குவதில்லை. "சத்தம் கேட்கிறதா? அங்கே இப்போது மணி என்ன? வெயில் எப்படி?" என்று குசல விசாரிப்பில் தொடங்கும். இதற்கு மதிப்பெண் இல்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் உருப்போடாத ஜெர்மன் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்கள் முதலில் கேட்பது இங்கேதான்.

இதில் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, வெயில் எப்படி என்ற கேள்விக்கு "நன்றாக இருக்கிறது" என்று ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட்டு, அடுத்த கேள்விக்காக விறைப்பாக உட்கார்ந்திருப்பது. மற்றொன்று, அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் நேராக அறிமுக உரையைத் தொடங்கிவிடுவது. இரண்டு வாக்கியம் போதும். ஒன்று பதில், மற்றொன்று அவர்கள் பிடித்துக்கொண்டு மேலே பேச ஒரு செய்தி. "இன்று நல்ல வெயில். ஆனால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போகிறோம்." அருவி என்றதும் அவர்கள் கட்டாயம் இன்னொன்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நீங்கள் அறிந்த இடத்தைப் பற்றியதாக இருக்கும்.

"திருநெல்வேலி எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் "சென்னைக்குப் பக்கத்தில்" என்று சொல்லாதீர்கள். 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் ஊரைப் பக்கம் என்று சொன்னால், அடுத்த கேள்வி சென்னையைப் பற்றி வரும். அங்கே போயே இராத பிள்ளை விழிக்கும். இந்தியாவின் தென்முனைக்கு அருகில், ஊர் நடுவே தாமிரபரணி ஓடுகிறது, மேற்கே மலை என்று சொன்னால் போதும். எதற்குப் பேர் போன ஊர் என்று கேட்டால் அல்வா என்பீர்கள். அது என்ன என்று கேட்பார்கள். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சீனியும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது என்று மூன்று எளிய வாக்கியத்தில் சொல்லப் பழகியிருங்கள். பெயர் தெரியாத ஒன்றைத் தெரிந்த சொற்களால் விளக்கும் இந்தப் பழக்கம், பின்னால் மருத்துவச் சொல் வாயில் வராதபோதும் கைகொடுக்கும்.

மணியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி நமக்கு எப்போதும் ஒரே அளவு பின்தங்கி இருப்பதில்லை. கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள். காலை 9 மணி நேர்காணல் கோடையில் நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை ஒட்டிய வாரத்தில் நேர்காணல் என்றால், முந்தைய வாரம் போட்ட கணக்கை நம்பாதீர்கள்.

ஆச்சியின் கதை

கல்லிடைக்குறிச்சி மாணவி ஒருத்தியின் பதிலை எடுத்துக்கொள்கிறேன். ஏன் செவிலியர் வேலை என்ற கேள்விக்கு அவள் எழுதி வைத்திருந்தது: "நான் என் பாட்டியைப் பராமரித்தேன். மனிதர்களுக்கு உதவுவது எனக்குப் பிடிக்கும்." பிழையில்லாத ஜெர்மன். ஆனால் பயிற்சி மையங்களில் இதே வாக்கியம் கைமாறிக் கைமாறிப் போகிறது. நேர்காணல் நடத்துபவர் இதைக் கேட்டதும் செய்யும் முதல் காரியம், "வஸ் கெனாவ் ஹாபென் ஸீ கெமாஹ்ட்?" என்று கேட்பதுதான். சரியாக என்ன செய்தீர்கள்? ஒத்திகையில் நான் கேட்டபோது அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அதே இரண்டு வாக்கியத்தை மறுபடி சொன்னாள்.

தமிழில் கேட்டேன். கொட்டிவிட்டாள். ஆச்சி விழுந்து தொடை எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பாள். குதிகாலுக்கும் மெத்தைக்கும் இடையே மடித்த பருத்தித் துணி. வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைக்கும்போது முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கஞ்சியை எப்போதும் நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்டுவாள், புரையேறாமல் இருக்க.

ஜெர்மனியில் முதலாண்டுப் பயிற்சியில் சொல்லித் தரும் அடிப்படைகளில் இவையும் உண்டு. படுக்கைப்புண் வராமல் காப்பதும், விழுங்கும்போது புரையேறாமல் பார்த்துக்கொள்வதும் அங்கே அன்றாட வேலை. இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு, "உதவுவது பிடிக்கும்" என்ற ஒன்றை மட்டும் அவள் சொல்லப் போயிருக்கிறாள். துடைத்தேன், திருப்பினேன், தோல், சிவப்பு, கரண்டி: எல்லாம் பி1 நிலையில் தெரிந்த சொற்கள்தான். ஐந்து சிறு வாக்கியங்களாக, முழுவதும் இறந்த காலத்தில் அமைத்தோம்.

அடுத்த கேள்வி, "ஆச்சி சாப்பிட மறுத்தால் என்ன செய்தீர்கள்?" அவள் பதில்: "கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அவருக்குப் பிடித்ததைக் கொண்டுபோனேன்." அதற்கும் அடுத்தது சற்றுக் கடினம். "மருத்துவமனையில் ஒரு நோயாளி இன்று உடம்பு துடைக்க வேண்டாம் என்று மறுத்தால்?" வீட்டுப் பழக்கத்தில் அவள், "எப்படியாவது சம்மதிக்க வைப்பேன்" என்றாள். இது தவறான பதில். அங்கே நோயாளியின் விருப்பத்தை மீறித் தொடக் கூடாது. ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்பேன், வலியா, குளிரா, கூச்சமா என்று பார்ப்பேன், பிறகு மீண்டும் வந்து கேட்பேன், அப்போதும் மறுத்தால் பொறுப்புச் செவிலியரிடம் சொல்வேன். இதுவே அவர்கள் எதிர்பார்க்கும் வரிசை.

ஆச்சியைப் பார்த்துக்கொள்ளாதவர் இந்தக் கதையைக் கடன் வாங்க வேண்டாம். இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பத்தியம் பார்த்ததையோ, ஊர்க் கோயில் கொடையில் மயங்கி விழுந்தவரைத் தூக்கியதையோ சொல்லலாம். உங்களுடையதாக இருந்தால் எத்தனை கேள்வி வந்தாலும் தாங்கும்.

வீட்டில் ஜெர்மன் தெரிந்தவர் இல்லையே, யார் துணைக்கேள்வி கேட்பார்கள் என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு ஜெர்மன் வேண்டியதில்லை. உங்கள் பதிலைத் தமிழில் அம்மாவிடம் சொல்லுங்கள், மனதில் தோன்றும் கேள்வியை அவர் தமிழில் கேட்கட்டும், நீங்கள் ஜெர்மனில் பதில் சொல்லுங்கள். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து ஆசிரியரிடம் கொடுங்கள். அம்மாவின் கேள்விகள் அச்சிட்ட வினாத்தாளைவிடக் கூர்மையாக இருக்கும்.

தலையாட்டுவதும் "ஆமாம்" சொல்வதும்

புரியாத கேள்விக்குச் சிரித்துத் தலையாட்டுவது நம் மரியாதை. அங்கே அது "புரிந்தது" என்றே எடுத்துக்கொள்ளப்படும். பிறகு பதில் வராதபோது மொழி போதாது என்று எழுதிக்கொள்வார்கள். "புரியவில்லை" என்று மொட்டையாகச் சொல்வதையும்விட, புரிந்த பாதியைச் சொல்லிக் கேட்பது நல்லது. "இரவுப் பணியைப் பற்றிக் கேட்கிறீர்களா?" என்று ஒரு வாக்கியம். தப்பாகப் புரிந்திருந்தாலும் அவர்கள் எளிமையாக்கித் திருப்பிக் கேட்பார்கள்.

அடுத்தது, தமிழ் பேசுகிற நமக்கென்றே உள்ள பொறி. துணைக்கேள்விகள் பல எதிர்மறையாக வரும். "நீங்கள் இதுவரை மருத்துவமனையில் வேலை செய்ததில்லையா?" நாம், "ஆமாம், செய்ததில்லை" என்போம். ஜெர்மனில் அங்கே "யா" என்று தொடங்கினால் கேட்பவர் குழம்புவார். செய்ததில்லை என்றால் "நைன்", செய்திருக்கிறேன் என்றால் "டோஹ்". பதற்றத்தில் இது மாறிப்போகும் என்று அஞ்சுபவர்கள் முதற்சொல்லை விட்டுவிட்டு முழு வாக்கியமாகப் பதில் சொல்லட்டும். "நான் இன்னும் மருத்துவமனையில் வேலை செய்யவில்லை." இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

"இந்தியாவில் ஏன் படிக்கவில்லை?" என்பதும் இந்த வகைதான். இங்குள்ள கல்லூரிகளைக் குறை சொல்லத் தொடங்காதீர்கள். பாளையங்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நம் செவிலியர்கள் உலகெங்கும் வேலை செய்கிறார்கள். இங்கே கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும், அங்கே பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் உண்டு, வகுப்பும் வார்டு வேலையும் மாறி மாறி வரும் என்ற உண்மையைச் சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஊதியம் ஒன்றை மட்டுமே சொல்லி நிறுத்துவதுதான் பிழை.

கடைசியில் உங்களிடம் கேட்பார்கள்

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்ற கேள்விக்கு "இல்லை, நன்றி" என்பதே நம் பிள்ளைகளின் வழக்கமான பதில். பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற வளர்ப்பு அது. அங்கே அது அக்கறையின்மையாகத் தெரியும். பயிற்சி முழுவதும் குறைந்தது 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் செயல்முறை என்பது ஜெர்மன் விதி. அதை அந்தப் பள்ளி எப்படிப் பிரித்திருக்கிறது, முதலில் எந்த வார்டு, அங்கே வழிகாட்ட யார் இருப்பார் என்று கேட்கலாம். தங்குமிடம் கேட்பதிலும் தவறில்லை.

அவர்கள் பதில் சொன்னதும் உடனே பட்டியலின் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். "முதலில் முதியோர் பிரிவு" என்று அவர் சொன்னால், "அங்கே ஒரு பயிற்சி மாணவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்துக்கொள்வார்?" என்று அதிலிருந்தே ஒன்று கேளுங்கள். இப்போது துணைக்கேள்வி கேட்பது உங்கள் முறை.