பணிநீக்க இழப்பீட்டுக் கணக்கு: நம் ஊரில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் இரண்டு வகை. பகுதி நேரமாகச் சட்டம் படித்துத் தொழிலாளர் சட்டத் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் ஒரு பக்கம். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் கையில் வாங்கிய குடும்பங்கள் இன்னொரு பக்கம். இருவரும் ஒரே இடத்தில்தான் தப்பு செய்கிறார்கள். முக்கியமான காரணம், தமிழில் தேடினால் முதலில் கிடைக்கிற விளக்கமெல்லாம் இந்தியச் சட்டத்தைப் பற்றியதாக இருப்பது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சேவை ஆண்டுகளால் பெருக்கி வருவது. பொதுவாக ஐந்து ஆண்டுச் சேவை வேண்டும். தானாக வேலையை விட்டாலும் கிடைக்கும். மலேசியாவில் அப்படி எல்லாருக்கும் பணிக்கொடை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கிடையாது. வேலை ஒப்பந்தத்திலோ சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இங்கே சட்டம் தருவது பணிநீக்க இழப்பீடு. அதற்கான விதிகள் 1980-இல் வந்தன. தொடர்ந்து 12 மாதம் வேலை செய்திருந்தால் போதும். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கும், ஒப்பந்தத்தில் குறித்த ஓய்வு வயதை எட்டி விலகியவருக்கும், முறையாக விசாரித்து ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. அதனால் கேள்வியில் எண்ணைத் தொடுமுன், அவர் எப்படி வேலையிலிருந்து போனார் என்பதைப் பாருங்கள். ராஜினாமா என்று ஒரு சொல் இருந்தால், பெரும்பாலும் அங்கேயே கணக்கு முடிந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா. மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. 2018 ஜூன் 1-இல் சேர்ந்தார். தோட்டம் மூடப்பட்டு 2025 செப்டம்பர் 30-இல் வேலை முடிந்தது. சேவை 7 ஆண்டு 4 மாதம். கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளைக் கூட்டினால் 21,680 வெள்ளி வருகிறது.

இந்தக் கூட்டுத்தொகையை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவதுதான் முதல் தவறு. ஒவ்வொரு சீட்டையும் அந்தந்த மாதத்தின் குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் தோட்டம் என்பதால் 2025 பிப்ரவரி முதல் அளவு 1,700 வெள்ளி. அதற்கு முன் 1,500. அக்காவின் டிசம்பர் சீட்டில் 1,560 இருக்கிறது. 1,700-க்குக் குறைவு என்று பிள்ளைகள் உடனே அதை வட்டமிடுவார்கள். ஆனால் அது 2024 டிசம்பர், அப்போது 1,500-தான் அளவு, பாக்கி எதுவும் இல்லை. 2025 மார்ச் சீட்டில் 1,480 இருக்கிறது. அந்த மாதம் மழை, பழம் குறைவு. மூட்டைக் கணக்குக் கூலி என்றாலும் மாதத்துக்கு 1,700-க்குக் கீழே போகக் கூடாது என்று குறைந்தபட்சச் சம்பள உத்தரவு சொல்கிறது. அக்கா ஒரு நாளும் மட்டம் போடவில்லை. ஆகவே 220 வெள்ளி பாக்கி. அதை அவர் தனியாகக் கேட்டு வாங்கலாம். இழப்பீட்டுக் கணக்கிலும் அது சேர வேண்டும். 21,680 இப்போது 21,900 ஆகிறது.

மழையைச் சொன்னதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளாவது வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் அந்த நாட்களுக்குக் கூலி தர வேண்டும் என்று 1955 வேலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. "வேலை இல்லை, வீட்டுக்குப் போ" என்று மண்டோர் திருப்பி அனுப்பிய நாட்களைத் தொழிலாளி தாமே எடுத்த லீவாகக் கணக்குப் போடாதீர்கள்.

இனி ஒரு நாள் கூலி. இங்கேதான் 26 வந்து குழப்புகிறது. மிகைநேரக் கூலிக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுப்பது நம் சட்டத்திலும் உண்டு. அதனால் இதற்கும் அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். பணிநீக்க இழப்பீட்டுக்கு விதி கேட்பது கடைசிப் பன்னிரண்டு மாதத்தின் உண்மையான சராசரி நாள் கூலி. ஆண்டு முழுக்க வாங்கியதை 365-ஆல் வகுக்கிறோம். 21,900 ÷ 365 = 60 வெள்ளி. மாதச் சராசரி 1,825-ஐ 26-ஆல் வகுத்தால் 70 வெள்ளி 19 காசு வரும், மொத்தத் தொகை 10,295 வரை ஏறிவிடும். அந்தத் தொகையை நம்பி அக்கா கடன் வாங்கிவிட்டால், தொழிலாளர் இலாகாவில் கணக்கு சரிபார்க்கப்படும் நாளில் அவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அடுத்தது ஆண்டுக்கு எத்தனை நாள் கூலி என்பது. சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் ஆண்டுக்கு 10 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். பலர் இதை வருமான வரி மாதிரி அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுக்குப் பத்துப் பத்து, அடுத்த மூன்றுக்குப் பதினைந்து, மீதிக்கு இருபது என்று போட்டால் அக்காவுக்கு 6,700 வெள்ளிதான் வரும். அது தவறு. மொத்தச் சேவை எந்தப் படியில் விழுகிறதோ, அந்த அளவு முதல் நாளிலிருந்தே எல்லா ஆண்டுக்கும் பொருந்தும்.

ஆகவே ஓர் ஆண்டுக்கு 20 × 60 = 1,200 வெள்ளி. ஏழு ஆண்டுக்கு 8,400. மீதி நான்கு மாதத்தை விட்டுவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் போனால் ஒரு முழு ஆண்டு, போகாவிட்டால் ஒன்றுமில்லை என்பது இந்தியக் கணக்கு. இங்கே மாதக் கணக்கில் விகிதப்படி சேர்க்க வேண்டும்: 1,200 × 4 ÷ 12 = 400. மொத்தம் 8,800 வெள்ளி. அக்காவின் செப்டம்பர்ச் சம்பளம் 1,700. இந்தியச் சூத்திரத்தில் அதைப் போட்டிருந்தால் 6,865 தான் வந்திருக்கும். வேலை முடிந்து ஏழு நாளுக்குள் பணம் கைக்கு வர வேண்டும். தொகை எப்படி வந்தது என்ற விவரத்தை முதலாளி எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், எந்த இடத்தில் குறைத்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

இதே கேள்வியில் விபத்தையும் சேர்த்து வைத்திருந்தால் அதைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். விபத்து இழப்பீடு முதலாளியின் பணம் அல்ல, சொக்சோ தருவது. 1952-ஆம் ஆண்டின் பழைய தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் ரத்தாகிவிட்டது. அதை வைத்து எழுதிய பழைய கேள்வித்தாள்களை நம்ப வேண்டாம். தற்காலிக இயலாமைக்குச் சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். மருத்துவ விடுப்பு நான்கு நாளாவது இருக்க வேண்டும் என்பது தகுதிக்கான எல்லை மட்டுமே. விடுப்பு 12 நாள் என்றால் அதிலிருந்து நான்கைக் கழிக்கக் கூடாது.

கடைசியாக, பணம் அதிகம் பறிபோகிற இடம். அக்காவின் தோட்டம் 2023 ஜூன் 1-இல் கை மாறியது என்று வைத்துக்கொள்வோம். புதிய கம்பெனி பழைய நிபந்தனைகளிலேயே ஆட்களைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது, பழைய கம்பெனி யாருக்கும் கணக்கு முடித்துப் பணம் கொடுக்கவில்லை. இப்போது புதிய கம்பெனியின் கிராணி, "எங்களிடம் நீங்கள் சேர்ந்தது 2023-இல்தானே" என்று 2 ஆண்டு 4 மாதம் மட்டும் எழுதுகிறார். அப்படி எழுதினால் சேவை குறைவதோடு படியும் 20 நாளிலிருந்து 15 நாளுக்கு இறங்கி, தொகை 2,100 வெள்ளியாகச் சுருங்கிவிடும். இப்படிக் கை மாறினால் சேவை அறுபடுவதில்லை. 2018 ஜூன் 1 தான் தொடக்கத் தேதி, வர வேண்டியது 8,800. பழைய கம்பெனியின் சம்பளச் சீட்டு ஒன்றாவது கையில் இருந்தால் இதை நிரூபிப்பது எளிது.