மா. முனிராஜின் மகள் மு. காவ்யா: பாஸ்போர்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் விண்ணப்பங்கள் நிரப்பித் தருகிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘Surname’ என்ற கட்டம் வந்ததும் பலருக்கும் கை நின்றுவிடுகிறது. அந்தக் கட்டம் கேட்பது தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயரை. நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று கிடையாது. நம் முன்னெழுத்து தந்தையின் பெயர். ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறிவிடும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா மாதப்பன், மகன் மா. முனிராஜ், பேத்தி மு. காவ்யா. முனிராஜின் பாஸ்போர்ட்டில் Surname ‘MATHAPPAN’ என்று இருக்கிறது. குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே பெயர் வேண்டும் என்று நினைத்துக் காவ்யாவுக்கும் அதையே எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஆங்கிலத்தில் இருவருக்கும் முன்னெழுத்து ‘M’ என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. தமிழில் எழுதிப் பாருங்கள்: அவருக்கு மா, அவளுக்கு மு. பள்ளிச் சான்றிதழில் உள்ள M விரிந்தால் முனிராஜ்தான் வரும். பாஸ்போர்ட்டில் மட்டும் மாதப்பன் இருந்தால் இரண்டும் பொருந்தாது. Given Name: KAVYA, Surname: MUNIRAJ என்பதே அவளுக்குச் சரி. தந்தைக்கும் மகளுக்கும் இந்தக் கட்டம் வேறுபடுவது பிழையல்ல. சிறுமியை அழைத்துக்கொண்டு வெளிநாடு போகும்போது, பெற்றோர் பெயருள்ள பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

இதே வழக்கம் ஐஸ்லாந்திலும் உண்டு. 1980இல் அந்நாட்டு அதிபரான விக்டிஸ் ஃபின்போகாடோட்டிரின் இரண்டாம் பெயருக்கு ‘ஃபின்போகியின் மகள்’ என்றுதான் பொருள். அங்கே அவரை விக்டிஸ் என்றே அழைப்பார்கள். தொலைபேசிப் பட்டியலிலும் சொந்தப் பெயர்தான் முதலில் வரும். எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமதுவின் பெயரில் அகமது அவருடைய தந்தை. கடைசிச் சொல்லைக் கொண்டு இவர்களை அழைத்தால் தந்தையைக் கூப்பிட்டதாகிவிடும். ரஷ்யாவில் இரண்டும் உண்டு: விளாதிமிர் விளாதிமிரோவிச் புதின் என்பதில் நடுப்பெயர் தந்தையுடையது, புதின் குடும்பப் பெயர்.

எல்லா முன்னெழுத்தும் தந்தைதான் என்று எண்ணுவதும் தவறு. கிருஷ்ணகிரியைத் தாண்டி ஆந்திரப் பக்கம் போனால் அது பெரும்பாலும் ‘இண்டி பேரு’ என்னும் வீட்டுப் பெயர். அது பாட்டன் காலத்திலிருந்து மாறாமல் வருவது. கேட்காமல் விரித்து எழுதாதீர்கள்.

Surname கட்டத்தைக் காலியாக விடவும் பாஸ்போர்ட்டில் இடமுண்டு. ஆனால் அமெரிக்க விசா விண்ணப்பத்தில் அந்த ஒற்றைப் பெயர் Surname ஆகிவிடும்; Given Name கட்டத்தில் First Name Unknown என்பதன் சுருக்கமான ‘FNU’ என்று எழுத வேண்டும். ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் கட்டுப்பாடு விதித்தது. பிறகு, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகத் தெளிவுபடுத்தியது.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் படமுள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். முதல் வரி இப்படித் தொடங்க வேண்டும்:

```
P<INDMUNIRAJ<<KAVYA
```

இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பது Surname, பின்னால் இருப்பது அவளுடைய சொந்தப் பெயர். விமான டிக்கெட்டிலும் அதே பிரிவில் எழுதுங்கள். இடம் மாறி அச்சாகியிருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.